பக்கத்துக் கடைக்கு எழுதிய போர்டு

போன ஐப்பசி மழையில் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போயிருந்தேன். கீரைக்கார அக்கா தரையில் ஒரு ஃபிளக்ஸை விரித்து, அதன்மேல் அரைக்கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. ஒரு ஓரம் மடங்கியிருந்த இடத்தில் மட்டும் சிவப்பில் ‘கொட்டாதீ’ என்று தெரிந்தது. மீதி எழுத்து அடியில். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கடையில் அடித்த ஃபிளக்ஸ்தான். ‘இங்கு குப்பை கொட்டாதீர்! மீறினால் ரூ.500 அபராதம்’. எழுத்துருகூட நான் தேர்ந்தெடுத்ததுதான். “நல்ல கனமான ஃபிளக்ஸ் தம்பி, தண்ணி ஏறவே இல்ல” என்றார் அக்கா. பதினாலு வருடமாக நடத்தும் ஃபிளக்ஸ் கடையில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பாராட்டு அதுவாகத்தான் இருக்கும்.

அதுவரை இப்படி எத்தனை போர்டு அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. அலுவலகங்கள் கேட்கும் ‘சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்’ ஒரு வகை. வீட்டுச் சுவர் ஓரம் நாறிப்போய், பொறுக்க முடியாமல் வந்து நிற்பவர்கள் கேட்கும் ‘மானமுள்ளவன் இங்கே குப்பை போட மாட்டான்’ இன்னொரு வகை. இரண்டாவது வகையில் திருத்தமே வராது. அந்தக் கோபத்தில் ஒற்றுப்பிழை யார் கண்ணில் படும்? நானும் சொன்னதை அடித்துக் கொடுத்து, சதுர அடிக்குக் காசு வாங்கிக்கொள்வேன். அந்த வரியை யார் படிக்கப் போகிறார்கள், படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த மழைக்கு ஒரு மாதம் கழித்து வியாபாரிகள் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். பொங்கலுக்கு முன்னால் மார்க்கெட்டில் தூய்மை வாரம் நடத்துகிறார்களாம். நகராட்சியும் சங்கமும் சேர்ந்து செய்கிற காரியம். பன்னிரண்டு போர்டு வேண்டும். “வரியையும் நீங்களே எழுதிடுங்க தம்பி. வியாபாரிகளைத் திட்டுற மாதிரி மட்டும் இருக்கக் கூடாது. எல்லாரும் மாசாமாசம் சந்தா கட்டுறவங்க, பாத்துக்கிடுங்க.” எனக்கு வந்த ஆர்டர் இவ்வளவுதான். திட்டாமல் எழுத வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் இரவு எழுதியதெல்லாம் திட்டு வரிகளுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தன. ‘அன்பான வியாபாரிகளே, தயவுசெய்து குப்பையைத் தொட்டியில் போடுங்கள்.’ ‘சுத்தமான மார்க்கெட் நமது பெருமை.’ ‘சுத்தம் சோறு போடும்.’ இந்தக் கடைசி வரிக்கு நான் தேவையே இல்லை, ஊரில் பாதிச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. செயலாளர் தன் பங்குக்கு ‘புறந்தூய்மை நீரான் அமையும்’ வேண்டும் என்றார். அந்தக் குறளின் பாரம் முழுக்க அதற்கடுத்த அடியில், வாய்மையில் இருக்கிறது. அதைத் தராசுகளுக்கு நடுவில் மாட்டினால் யாருக்காவது சுருக்கென்று குத்தும் என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

வரிகளை ஏ4 தாளில் பெரிதாக அடித்து எடுத்துக்கொண்டு காய்கறி வரிசைக்குப் போனேன். கோஸும் காலிஃப்ளவரும் மட்டும் விற்கிற கடை ஒன்று உண்டு. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “ரொம்ப நல்லாருக்கு தம்பி. கண்டிப்பா வைங்க. பக்கத்துக் கடைக்காரன் தினமும் அத்தனையையும் நடுவழில தள்ளி விடுதான். இதப் பாத்தாவது புத்தி வரட்டும்.” பக்கத்துக் கடைக்குப் போனேன். கேரட், பீட்ரூட் விற்கிற பாய். அவரும் படித்தார், அவருக்கும் பிடித்தது. “அண்ணாச்சி கடைக்கு எதுத்தாப்புல மாட்டுங்க” என்றார், குரலைத் தாழ்த்தி. அதற்கடுத்த தக்காளிக் கடையில், குப்பையெல்லாம் வெளியே சாக்கு விரித்து விற்பவர்களால்தான் வருகிறது என்றார்கள். வெளியே இருந்தவர்களிடம் கேட்டால் கடைக்காரர்கள் என்றார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ஒருவர்கூடத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அன்றைக்குத்தான் கீரைக்கு அடியில் கிடந்த ஃபிளக்ஸுக்கு அர்த்தம் பிடிபட்டது. அந்த அக்கா அந்த வரியை அவமதிக்கவில்லை. அது தனக்கு எழுதியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ‘குப்பை கொட்டாதீர்’ என்றால் படிக்கிறவர் மனதில் குப்பை கொட்டுகிறவர் ஒருவர் வந்து நிற்பார். அது எப்போதும் இன்னொருத்தர்தான். கடிதத்தில் முகவரி இல்லையென்றால் தபால்காரர் எங்கே கொண்டு கொடுப்பார்? கடுமையாகச் சொன்னாலும் குழைந்து சொன்னாலும் இதில் மாற்றமில்லை. நான் தொனியை மட்டும் மாற்றியிருந்தேன். முகவரி இன்னும் காலியாகத்தான் இருந்தது.

விடியற்காலை வேலை

மறுநாள் அதிகாலை நாலரைக்கு மார்க்கெட்டுக்குப் போனேன். பதினாலு வருடத்தில் அந்த நேரத்தில் அங்கே போனது முதல் முறை. லாரியிலிருந்து கோஸ் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கடைப்பையன் மூட்டை வாயைத் தைத்திருந்த நூலை ஒரு முனையில் பிடித்து இழுத்தான். நெளிநெளியாக அவிழ்ந்து மொத்தமாகக் கையோடு வந்தது. கோஸை மடியில் வைத்துச் சின்னக் கத்தியால் அடித்தண்டில் ஒரு வெட்டு, மேலிலை இரண்டோ மூன்றோ தானாகக் கழன்று விழுந்தது. வெள்ளையாகப் பளபளக்கும் கோஸ் பலகைக்குப் போனது, இலை காலடிக்கு. ஒரு மூட்டை முடிவதற்குள் ஒரு கூடை நிறைய இலை சேர்ந்துவிட்டது. காலிஃப்ளவருக்கு இன்னும் அதிகம், பூவைவிட இலையும் தண்டும்தான் கூடுதல் இடம் பிடிக்கின்றன.

இந்த இலையைத் தோட்டத்திலேயே உரித்துவிட்டு அனுப்பக்கூடாதா என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். “அதுதான் தம்பி கோஸுக்குச் சட்டை. அது இல்லாம வந்தா லாரில உரசி கறுத்துப் போயிரும். எவன் வாங்குவான்?” மேட்டுப்பாளையம் வழியாக மலையிலிருந்து இறங்கும் கோஸுக்கு வழி நெடுக அந்த இலைதான் காவல். கடைக்கு வந்து சேர்ந்ததும் அந்த வேலை முடிந்தது. ஆக அங்கே கிடப்பது யாருடைய சோம்பலும் இல்லை, தொழிலோடு கூடவே வருகிற பொருள். கடையைத் திறந்தாலே அது உண்டாகிவிடும். அதைப் பார்த்து ‘கொட்டாதீர்’ என்று சொல்வது மழையைப் பார்த்துப் பெய்யாதே என்கிற மாதிரிதான்.

ஆறு மணி வாக்கில் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அண்ணாச்சி கடையைச் சுத்தமாகக் கூட்டினார். மூலை முடுக்கெல்லாம் துடைப்பம் போனது. வாசலில் தண்ணீர் தெளித்தார். சாமி படத்துக்குப் பூ வைத்து, சாம்பிராணி போட்டு, புகையைத் தராசுக்கும் கல்லாவுக்கும் காட்டினார். முதல் போணிக்கு முன்னால் கடை அப்படி இருக்க வேண்டும். ஒரு துரும்பு கிடந்தாலும் அவருக்கு ஆகாது. அதே துடைப்பத்தால் இலைக் குவியலை ஒரே தள்ளாகத் தள்ளி, சாக்கடை மேல் போட்ட கல்லைத் தாண்டி நடைபாதையில் விட்டார். பாயும் அப்படித்தான். தக்காளிக் கடையும் அப்படித்தான். இவர்களில் யாருக்கும் சுத்தத்தைப் பற்றிப் பாடம் தேவையில்லை, எங்கள் வீட்டைவிட அந்தக் கடைகள் சுத்தம். அவரவர் வாசல் அந்தக் கல்லோடு முடிகிறது, அவ்வளவுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் யாருடைய வாசல் என்பதற்குப் பதில் இல்லை.

குப்பை வண்டி எட்டு மணிக்கு வருகிறது. இலை ஐந்து மணிக்கே விழுந்துவிடுகிறது. நடுவில் மூன்று மணி நேரம். ஆறடி அகலக் கடைக்குள் அதுவரை இலையை எங்கே வைப்பது? நடைபாதைக்குத் தள்ளினால் மிதிபட்டு, மழைநாளில் வழுக்கி, பாதி சாக்கடைக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. இடையில் மாடுகள் வரும். கோஸ் இலைக்காகவே வருகிற மாடுகள். தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர் சொன்னார்: “இலை மட்டும்னா எனக்குக் கஷ்டமே இல்ல. அள்ளிப் போட்டுட்டுப் போயிருவேன். கூடவே இந்த நைலான் நூலும் கவரும் கிடக்குல்ல, உரக்கிடங்குல உக்காந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கணும்.” அங்கே தொட்டியில் இலை மக்கி உரமாக ஒன்றரை மாதம் போல ஆகும். நூல் எத்தனை மாதம் ஆனாலும் நூலாகவே கிடக்கும். சலிக்கும்போது சல்லடையில் சுற்றிக்கொள்ளும். மாடு தின்றால் வயிற்றில் சுற்றிக்கொள்ளும்.

அதைக் கேட்ட பிறகு மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போய் நின்றேன். காலையில் கவனித்தும் கவனிக்காமல் விட்ட ஒன்று இப்போது கண்ணில் பட்டது. அந்தப் பையன் மூட்டை நூலைக் கீழே போடவில்லை. தூணில் ஒரு ஆணி. அதில் மாட்டியிருந்தான். ஒரு வாரத்து நூல் சடை மாதிரித் தொங்கியது. எதற்கென்று கேட்டால், “பார்சல் கட்ட ஆகும்ணே” என்றான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. பக்கத்துக் கடைகளில் அந்த ஆணி இல்லை, நூல் இலையோடு போய்க்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய முதல் வரி அந்தத் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது.

இலை கூடைக்கு, நூல் ஆணிக்கு.

வினைச்சொல் இல்லாத தமிழ்

எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த வரி ஏன் திட்டவில்லை என்று புரிந்தது. அதில் வினைச்சொல்லே இல்லை. தமிழில் ஏவல் வந்தாலே ஏவுகிறவர் யார், ஏவப்படுகிறவர் யார், யார் பெரியவர் என்று வந்துவிடும். ‘போடாதே’ என்றால் சின்னப் பையனிடம் பேசுவது. ‘போடாதீர்’ என்று எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் யாரும் பேசுவதில்லை, போர்டு மட்டும்தான் பேசும். கேட்டவுடனே அது அதிகாரியின் குரல். ‘போடாதீர்கள்’ கொஞ்சம் மரியாதை, ஆனாலும் விரல் நீட்டிய மரியாதை. ‘போட வேண்டாமே’ கெஞ்சல். ‘குப்பை போடாததற்கு நன்றி’ என்பதில் ஒரு நக்கல் ஒளிந்திருக்கிறது. ‘தயவுசெய்து’ சேர்த்தால் ஃபிளக்ஸ் நீளமாகும், எனக்குக் காசு கூடும், வேறு பலன் இல்லை.

விளியிலும் இதே தொல்லைதான். ‘அண்ணாச்சி’ என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் மார்க்கெட்டில் பாய்மார் இருக்கிறார்கள், அக்காமார் இருக்கிறார்கள். அண்ணாச்சி என்றால் அவர்களுக்கு விடுதலை. ‘நாம்’ என்று எழுதினால் எல்லோரும் உண்டு, ஆனால் கூட்டத்தில் சொல்கிற நாம் மாதிரி அதில் தனி ஆள் கரைந்துவிடுவார். அரசு வைத்த ‘என் குப்பை, என் பொறுப்பு’ புத்திசாலித்தனமான வரி என்று முன்பெல்லாம் நினைத்திருக்கிறேன். படிக்கிறவர் வாயிலேயே அதை வைத்துவிடுகிறது. வீட்டு வாசலுக்கு அது பொருந்தலாம். அண்ணாச்சியிடம் காட்டினால், “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார்.

மார்க்கெட்டில் காலையிலிருந்து காதில் விழும் பேச்சைக் கவனித்தால் விடை அங்கேயே இருக்கிறது. ‘கிலோ இருபது, கூறு பத்து.’ ‘முழம் முப்பது.’ ‘மூட்டை உள்ளுக்கு, சாக்கு வெளிக்கு.’ கையில் வேலையோடு இருப்பவர்கள் வினைச்சொல்லில் நேரம் செலவழிப்பதில்லை. நாலாம் வேற்றுமையை வைத்துக்கொண்டு ஒரு பொருளை அது போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் பேசும்போது முதலாளி பையனை ஏவுவதாகவும் இல்லை, பையன் முதலாளிக்குப் பணிவதாகவும் இல்லை. ‘இலை கூடைக்கு’ என்பதில் பேசப்படுவது இலை. வியாபாரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதோடு, கோஸ் உரிப்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் அது பொருந்தாது. பாய் அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கடையைக் காட்டினாலும் சரிதான், அது உண்மையிலேயே பக்கத்துக் கடைக்குத்தான். அவருக்கு வேறு வரி இருக்கிறது.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சங்கக் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது அதுதான். ‘தினமும் இவ்வளவு குப்பையை வழியில் கொட்டுகிறோமே, இது நியாயமா?’ என்று ஒருவர் உருக்கமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்த மாதிரி வரியைப் பற்றி அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அரிசோனாவில் கல்மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் பார்வையாளர்கள் துண்டு துண்டாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும், பாதையில் கல்மரத் துண்டுகளை அடையாளம் வைத்துப் போட்டு, இருவகை அறிவிப்புகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ‘முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் பூங்காவே மாறிவிட்டது’ என்று வருத்தப்பட்ட அறிவிப்பு இருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்ட அறிவிப்பு இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஊரே செய்கிறது என்று சொல்லிவிட்டு நீ செய்யாதே என்றால் முதல் பாதிதான் காதில் விழுகிறது. நான் இதைச் சொன்னதும் எழுதி வந்தவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போதும் என்னைப் பார்த்தால் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வரிக்கு முன்னால் கூடை

இலை கூடைக்கு என்று எழுதினால் முதலில் கூடை வேண்டும். செயலாளரிடம், போர்டுக்கு ஒதுக்கிய காசில் பாதியைக் கூடைக்குக் கொடுங்கள் என்றேன். என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்று வீட்டில் இன்றுவரை பேச்சு. ஃபிளக்ஸும் வேண்டாம் என்றேன். தூய்மை வாரம் முடிந்ததும் அதுவே மக்காத குப்பை. காய்ப்பலகைக்குக் கீழே, சரியாக உரிக்கிறவரின் இடது கால் பக்கம் ஒரு பச்சைக் கூடை நுழையும் இடம் இருந்தது. நின்று அளந்து பார்த்தே வாங்கினோம். கூடை ஓர் அடி தள்ளி இருந்தாலும் இலை தரைக்குத்தான் போகிறது, முதல் இரண்டு நாளில் அதைப் பார்த்துவிட்டோம். அந்த ஓர் அடியை எந்த வரியாலும் ஈடுகட்ட முடியாது.

எழுத, பழைய சுவர் எழுத்து அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். ஃபிளக்ஸ் வந்த பிறகு பெயிண்ட் வேலை குறைந்து ஒதுங்கியிருந்தவர். ஃபிளக்ஸ் கடைக்காரனே கூப்பிட்டதில் அவருக்கு ஒரே சிரிப்பு. முதல் கேள்வி, “யாரு பாக்கணும்? உக்காந்து பாக்கணுமா, நின்னு பாக்கணுமா?” நான் இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பழைய போர்டுகள் எல்லாம் நுழைவாசலில், உள்ளே வருகிற வாடிக்கையாளரைப் பார்த்துத் தொங்கின. வியாபாரிகளுக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். அண்ணன் நடைபாதையின் எதிர்த் தூணைத் தேர்ந்தெடுத்தார், உட்கார்ந்து உரிக்கிறவர் தலையைத் தூக்கினால் தெரிகிற உயரத்தில். பத்தடிக்கு ஓரங்குல எழுத்து என்பது அவர் கணக்கு. தமிழுக்கு அதோடு கொஞ்சம் சேர்க்க வேண்டும், கொம்பும் சுழியும் நெருங்கினால் அடைத்துக்கொள்ளும் என்றார். சிவப்பு வேண்டாம் என்றார், வெயிலில் முதலில் வெளுப்பது அதுதான். எனக்கு வேறு காரணம் இருந்தது. மார்க்கெட்டில் சிவப்பு எழுத்து என்றால் அபராதம். நீலத்தில் எழுதினோம். அபராதம் பற்றிய அறிவிப்பு சட்டத்துக்காக இருக்கட்டும் என்று சங்க அலுவலக வாசலில் சின்ன எழுத்தில் தனியாக ஒட்டிவிட்டோம். அது நோட்டீஸின் வேலை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்தால் படிப்பவர் தொகையை மட்டும்தான் படிப்பார்.

வாழைக்காய் வரிசைக்கு ‘காம்பு கட்டுக்கு, சருகு சாக்குக்கு’ என்று வந்தது. தார்க்காம்பைக் கட்டாகக் கட்டி வைத்தால் வண்டியில் ஏற்றுவது சுலபம். தாரைச் சுற்றி வருகிற சருகைச் சாக்கில் அமுக்கினால் காற்றுக்குப் பறக்காது. அந்த வரிசைக்காரர்களே சொன்ன சொற்கள், நான் அடுக்கியது மட்டும்தான். ஆனால் பூ வரிசையில் சறுக்கினேன். எனக்கே ரொம்பப் பிடித்த வரி: ‘நேத்துப் பூ உரத்துக்கு, இன்னைக்குப் பூ தலைக்கு’. எழுதின அன்று மத்தியானமே பூக்கார அக்கா ஒருவர் கடைக்கு வந்துவிட்டார். “என்ன தம்பி, என் கடைக்கு நேரா ‘நேத்துப் பூ’ன்னு எழுதி வச்சிருக்க? வாங்க வர்ற பொம்பளைங்க பூவை மோந்து மோந்து பாக்குறாங்க.” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வியாபாரிக்காக எழுதினாலும் வாடிக்கையாளரும் அதைப் படிப்பார். அவர் எதிரில் சரக்கைப் பற்றி ஒரு சந்தேகம் எழுப்பிவிட்டால், திட்டைவிட அது மோசம். அன்று சாயங்காலமே அண்ணன் அதன்மேல் வெள்ளை அடித்தார். பிறகு ‘நார் மக்கும், நைலான் ஆணிக்கு’ என்று எழுதினோம். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் வாழைநாரில் கட்டுகிறவர்களுக்கு அது மறைமுகமாக ஒரு விளம்பரமும் ஆனது, அதனால் யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

பெரிய சண்டை எட்டு மணி வண்டியில்தான். காய்கறி வரிசையில் இரண்டாவது வரியாக ‘8 மணிக்கு வண்டி’ என்று போட்டிருந்தோம். எவ்வளவு நேரம் கூடையைக் காலடியில் வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே ஒருவர் வைத்திருப்பார்? சுகாதாரப் பிரிவிலிருந்து வந்தவர் பார்த்ததும் முகம் சுளித்தார். “நேரத்தைப் போடாதீங்க சார். ஒருநாள் வராட்டி எங்களைல்லா கேப்பாங்க.” வாதாடி வைத்தேன். ஆறாம் நாள் வண்டி பழுதாகி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அண்ணாச்சி கூடை நிரம்பி, இலை மறுபடி கல்லைத் தாண்டியது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ‘8 மணிக்கு வண்டி’க்குப் பக்கத்தில் யாரோ சாக்பீஸால் ‘வரும்… வரும்…’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அன்றைக்கே செயலாளர் அந்தச் சாக்பீஸ் எழுத்தைப் படமெடுத்து அனுப்ப, மாற்று வண்டி வந்துவிட்டது. வியாபாரியைத் திட்டாத வரி, வேறொரு இடத்தில் கொஞ்சம் உறைத்திருக்கிறது. இப்போது அந்தத் தூணில் நேரம் வருகிற இடத்தில் மட்டும் கரும்பலகைப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். வண்டிக்காரரே முந்தைய நாள் சாக்பீஸில் நேரம் எழுதிவிட்டுப் போகிறார். அவர் கையெழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் தூணில் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், வரி நல்லா இருக்கிறது என்று சொல்கிறவர்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. முதல் தாளையும் எல்லோரும் நல்லா இருக்கிறது என்றுதானே சொன்னார்கள். தூண்களில் ஆணி கூடியிருக்கிறதா என்று பார்க்கிறேன். பாய் கடையில் ஒன்று வந்திருக்கிறது, தக்காளிக் கடையில் இரண்டு. உரக்கிடங்கு அக்கா, நூல் பொறுக்குகிற வேலை குறைந்திருக்கிறது, கவர் குறையவில்லை என்கிறார். கவர் வாடிக்கையாளர் கையோடு வருவது, அதற்கு இந்த வரிகளில் இடமில்லை. பண்டிகை நெருக்கத்தில் கூடை போதாமல் இலை பழையபடி நடைபாதைக்கு வந்தது. வெளியே சாக்கு விரித்து விற்பவர்களுக்கு இன்னும் கூடையும் இல்லை, தூணும் இல்லை.

மீன் வரிசைக்கு மட்டும் வரி எழுதவில்லை. எழுதாமல் இல்லை, ‘செதில் வாளிக்கு’ என்று தொடங்கி நாலைந்து வைத்திருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு போனபோது ஒரு அக்கா கத்தியை நிறுத்தாமலே கேட்டார், “செதில் வாளிக்குன்னா, வாளியக் கழுவ?” அந்த வரிசைக்கு ஒரே ஒரு குழாய், அதுவும் கடைசி முனையில். ஐஸ் தண்ணியும் ரத்தமும் கலந்து ஓட வாட்டமான தரையும் இல்லை. தெர்மாகோல் பெட்டிகளைத் தாண்டித் தாண்டித்தான் குழாய்க்குப் போக வேண்டும். “போர்டு அப்புறம் வைக்கலாம் தம்பி. முதல்ல நடுவுல ஒரு குழாய் போடச் சொல்லு.” சங்கத்தில் சொல்லியிருக்கிறோம், மனு போயிருக்கிறது. அதற்குள் சுவர் எழுத்து அண்ணன் அங்கே வரிக்காக ஒரு சதுரம் வெள்ளை அடித்து வைத்துவிட்டார். அந்தச் சதுரம் இரண்டு மாதமாக அப்படியே இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போன ஞாயிறு போய்ப் பார்த்தால் அதில் கரித்துண்டால் வரிசையாக எழுதியிருந்தது: ஐஸ் 4, பாக்கி 600. ஐஸ் 3, பாக்கி 450. கீழே ஒரு கோடு போட்டுக் கூட்டல்.